பல பக்க விலைப்பட்டியலை இருப்பேட்டில் ஏற்றும் முறை

நூல், சாயம், உரம் முதலிய சரக்குகளை மொத்தமாகக் கொள்முதல் செய்யும் சங்கங்களுக்கு விலைப்பட்டியல்கள் இப்போது பெரும்பாலும் பி.டி.எஃப். கோப்பாகவே மின்னஞ்சலில் வருகின்றன. ஒரு பக்கத்தில் அடங்கும் பட்டியலைக் கணினியில் உள்ள இருப்பேட்டுக்கு மாற்றுவது எளிது. பட்டியல் இரண்டு மூன்று பக்கங்களுக்கு ஓடும்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வரி மீண்டும் வருகிறது. பக்கத்தின் அடியில் ஒரு தொகையும், அடுத்த பக்கத்தின் தலையில் அதே தொகையும் காணப்படுகின்றன. ஓர் உருப்படியின் பெயர் பாதி இந்தப் பக்கத்திலும் மீதி அடுத்த பக்கத்திலுமாக முறிந்து கிடக்கிறது. இதனால் விளையும் பிழைகளில் சில கூட்டுத்தொகையிலேயே வெளிப்பட்டுவிடும். ஒரு பிழை மட்டும் எல்லாத் தொகைகளும் சரியாக இருக்க, இருப்பேட்டில் மறைந்து நிற்கும். அதையே இங்கு முக்கியமாகக் கவனிப்போம்.

கோப்பில் உண்மையில் இருப்பது என்ன?

பி.டி.எஃப். என்னும் கோப்பு முறையை அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும், பக்கம் ஒரே தோற்றத்தில் அமைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே கோப்பின் உள்ளே, ‘இந்த எழுத்துகளை இடது ஓரத்திலிருந்து இவ்வளவு தூரத்தில், கீழ் ஓரத்திலிருந்து இவ்வளவு உயரத்தில் வை’ என்ற கட்டளைகளே உள்ளன. அளவு ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள் என்பது கணக்கு. கட்டங்களின் கோடுகளும் தனித்தனியே வரையப்பட்டவையே. ‘இது ஓர் அட்டவணை, இது அதன் ஐந்தாம் உருப்படி’ என்று குறித்து வைக்கும் வசதி பி.டி.எஃப். முறையில் உண்டு என்றாலும், பட்டியல் எழுதும் மென்பொருள்களில் பல அதைப் பயன்படுத்துவதில்லை.

நம் கண் கட்டங்களைக் கண்டு, பத்திகளைப் பிரித்து, ‘இந்த எடை இந்த நூலுக்கு உரியது’ என்று தானே பொருத்திக்கொள்கிறது. கணினிக்கோ வரிகள் மட்டுமே தெரியும். ஒரு பக்கத்தின் கடைசி வரிக்கும் அடுத்த பக்கத்தின் முதல் வரிக்கும் உறவு உண்டு என்பதும் அதற்குத் தெரியாது. அந்த உறவைக் கண்டு சொல்வது ஏட்டில் ஏற்றுபவரின் வேலை.

எழுத்துகளைக் கோப்பிலிருந்து வெளியே எடுக்க, இலவசமாகக் கிடைக்கும் பாப்ளர் என்னும் தொகுப்பில் உள்ள ஒரு கட்டளை மிகவும் உதவும். பக்கத்தின் தோற்றம் கெடாமல், பத்திகளுக்கு இடையே வெற்றிடம் விட்டு, அது எழுத்துகளை எடுத்துத் தரும். இரண்டாம் பக்கத்தை மட்டும் எடுக்கக் கட்டளை இவ்வாறு அமையும்:

```
pdftotext -layout -f 2 -l 2 bill.pdf p2.txt
```

இதில் `-f` என்பது தொடங்கும் பக்கத்தையும், `-l` என்பது முடியும் பக்கத்தையும் குறிக்கும். பக்கங்களைத் தனித்தனியே எடுப்பதற்குக் காரணம் உண்டு. பத்திகளுக்கு இடையே எத்தனை வெற்றிடம் விட வேண்டும் என்பதை இக்கட்டளை ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாகக் கணக்கிடுகிறது. முதற்பக்கத்தில் எடை 40-ஆம் எழுத்திடத்தில் தொடங்கினால், இரண்டாம் பக்கத்தில் 46-ஆம் இடத்தில் தொடங்கலாம். முதற்பக்கத்தை அளந்து அதே அளவில் எல்லாப் பக்கங்களையும் வெட்டினால், பெயரின் கடைசி எழுத்துகள் எடையோடு போய் ஒட்டிக்கொள்ளலாம். மீண்டும் மீண்டும் வரும் தலைப்பு வரியைத் தொல்லை என்று எண்ணலாகாது. அந்தந்தப் பக்கத்தில் அட்டவணை எங்கே தொடங்குகிறது, பத்திகள் எந்த இடத்தில் நிற்கின்றன என்பதைக் காட்டும் அடையாளம் அதுவே.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு நெசவாளர் சங்கத்துக்கு வந்த நூல் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்வோம். விலைகள் பாடத்துக்காக வைத்தவை. பட்டியலில் மூன்று பக்கங்கள், 11 உருப்படிகள், மொத்த எடை 325 கிலோ. முதற்பக்கத்தில் 1 முதல் 5 வரை, இரண்டாம் பக்கத்தில் 6 முதல் 9 வரை, மூன்றாம் பக்கத்தில் 10, 11 ஆகிய உருப்படிகள் உள்ளன. முதற்பக்கத்துக்கும் இரண்டாம் பக்கத்துக்கும் இடையே உள்ள இணைப்பு இவ்வாறு இருக்கிறது:

```
4   80s combed hank      5205  30.000  560.00  16,800.00
5   2/80s combed hank,   5205  20.000  690.00  13,800.00
                               Carried over    78,200.00

Sl  Description          HSN      Qty    Rate     Amount
                            Brought forward    78,200.00
    dyed maroon, lot 417
6   20s carded hank      5205  50.000  260.00  13,000.00
```

ஐந்தாம் உருப்படி 2/80 நம்பர் கோம்டு சிட்டா நூல். அரக்குச் சாயம் ஏற்றியது. ஆனால் சாயம் ஏற்றியது என்ற செய்தியும் லாட் எண்ணும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டன. இடையே பக்கத் தொகையும், தலைப்பு வரியும், கொண்டுவந்த தொகையும் புகுந்து நிற்கின்றன.

முதலில் குறியிடுக, பிறகு நீக்குக

எடுத்த எழுத்துகளைக் கணக்குத்தாளில் போட்டவுடன் வேண்டாத வரிகளை அழிக்கத் தொடங்குவது பலருடைய வழக்கம். அது கூடாது. பக்கத் தலையில் ‘dyed maroon, lot 417’ என்று தனியே நிற்கும் வரி, எடையும் தொகையும் இல்லாததால் குப்பைபோலத் தோன்றும். தலைப்பு வரியோடு அதையும் அழித்துவிட்டால், பிறகு அதைத் தேடவும் வழியில்லை.

ஆகவே பக்கவாட்டில் ஒரு பத்தியைச் சேர்த்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறி இடவேண்டும். நான்கு குறிகள் போதும். பத்திகளின் பெயர்களைத் தாங்கியது ‘தலைப்பு’. பக்கத்தின் அடியில் கொண்டுபோகும் தொகையும், அடுத்த பக்கத்தின் தலையில் கொண்டுவந்த தொகையும் ‘கடத்தல்’. வரிசை எண், எடை, விலை, தொகை ஆகிய நான்கும் உள்ள வரி ‘உருப்படி’. பெயர்ப் பத்தியில் மட்டும் எழுத்து இருந்து, மற்ற பத்திகள் வெறுமையாக உள்ள வரி ‘தொடர்ச்சி’. விற்பவரின் பெயர், முகவரி, பட்டியல் எண் முதலியவை தலைப்பு வரிக்கு மேலே நிற்பவையாதலால், அவை அட்டவணைக்கு வெளியே விடப்படும்.

குறியிட்டபின் எண்ணிப் பார்த்தால், நம் பட்டியலில் தலைப்பு மூன்று, கடத்தல் நான்கு, உருப்படி பதினொன்று இருக்க வேண்டும். மூன்று பக்கங்களுக்கு மூன்று தலைப்பு. இரண்டு இணைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கடத்தல். எண்ணிக்கை இவ்வாறு அமையாவிடில், எங்கோ ஒரு வரி தவறான குறி பெற்றிருக்கிறது. இவை பொருந்திய பிறகே தலைப்பையும் கடத்தலையும் விலக்கலாம்.

கடைசிப் பக்கத்தில் இன்னுமொரு கண்ணி உண்டு. அட்டவணை முடிந்தபின், எச்.எஸ்.என். எண் வாரியாக ஜி.எஸ்.டி. சுருக்கம் ஒன்றை அச்சிடுவார்கள். பருத்தி நூலுக்கு உரிய 5205 என்ற எண்ணும், அதன் எதிரே 1,39,000 ரூபாயும் அதில் நிற்கும். பார்வைக்கு அது ஓர் உருப்படி போலவே இருக்கும். வரிசை எண் இல்லாமையால் அது உருப்படியன்று என்று அறியலாம். மொத்தம் என்ற சொல் வந்த இடத்தில் அட்டவணை முடிந்தது என்று கொண்டு, அதற்குக் கீழே உள்ளவற்றைத் தொடாமல் விடவேண்டும்.

முறிந்த பெயரை எந்த உருப்படியோடு சேர்ப்பது?

தொடர்ச்சி வரிகளை அவற்றுக்கு உரிய உருப்படியோடு சேர்ப்பதே இந்த வேலையில் கடினமான பகுதி. தொடர்ச்சி எப்போதும் மேலே உள்ள உருப்படிக்கு உரியது என்று பலர் எண்ணுகின்றனர். நம் எடுத்துக்காட்டில் அது உண்மை. எல்லாப் பட்டியல்களிலும் அது உண்மையன்று.

பட்டியல் எழுதும் மென்பொருள்கள் எண்களை வைக்கும் முறையில் வேறுபடுகின்றன. சிலவற்றில் பெயரின் முதல் வரிக்கு நேரே எடையும் விலையும் நிற்கும். சிலவற்றில் பெயரின் கடைசி வரிக்கு நேரே நிற்கும். வேறு சில, கட்டத்தின் நடுவே எண்களை வைக்கும்; அப்போது பெயரின் முதல் வரி எண்களுக்கு மேலேயும், கடைசி வரி கீழேயும் அமையும். எண்கள் கடைசி வரிக்கு நேரே நிற்கும் பட்டியலில், ‘தொடர்ச்சி மேலே உள்ளதற்கு உரியது’ என்ற விதியைப் பின்பற்றினால், ஒவ்வொரு பெயரின் முன்பாதியும் தனக்கு முந்திய உருப்படியோடு போய்ச் சேரும். எடையும் தொகையும் ஒன்றும் மாறா. பெயர்கள் மட்டும் கலைந்துவிடும்.

இதை அறியும் வழி எளிது. பக்கத்தின் நடுவே, மேலும் கீழும் உருப்படிகள் சூழ, இரண்டு மூன்று வரிகளில் எழுதப்பட்ட ஓர் உருப்படியைத் தேர்ந்துகொள்ளுங்கள். மூலக் கோப்பைத் திறந்து, கட்டக் கோடுகளோடு அதைப் பாருங்கள். எண்கள் எந்த வரிக்கு நேரே நிற்கின்றன என்பது அங்கே ஐயமின்றித் தெரியும். கோடுகள் இல்லாத பட்டியலாயின் இடைவெளியைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஓர் உருப்படிக்குள் வரிகள் நெருங்கியும், உருப்படிகளுக்கு இடையே சற்று விலகியும் இருக்கும். நடுப்பக்கத்தில் கண்ட வழக்கத்தைப் பக்கம் முறியும் இடத்துக்கும் கொண்டு செல்லுங்கள். ஒரு மென்பொருள் ஒரே பட்டியலுக்குள் தன் வழக்கத்தை மாற்றுவது அரிது.

எண்கள் முதல் வரியில் நிற்பவை என்று தெரிந்துவிட்டால், இரண்டாம் பக்கத் தலையில் உள்ள தொடர்ச்சி முந்திய பக்கத்தின் கடைசி உருப்படிக்கே உரியது. நம் பட்டியலில் ‘2/80s combed hank’ என்பதன் பின் ஒரு காற்புள்ளி தொங்கி நிற்பதும் அதற்குச் சான்று.

இதே பட்டியலை, எண்களைக் கடைசி வரியில் வைக்கும் மென்பொருள் எழுதியிருந்தால் என்ன ஆகும்? முதற்பக்கத்தின் அடியில் ஐந்தாம் உருப்படியின் பெயர் மட்டும் எண்களின்றி நிற்கும். 20 கிலோவும் 13,800 ரூபாயும் இரண்டாம் பக்கத் தலையில் நிற்கும். அத்தகைய பட்டியலில் கடத்தல் தொகையே வழி காட்டும். முதல் நான்கு உருப்படிகளின் தொகை 64,400 ரூபாய். ஐந்தையும் சேர்த்தால் 78,200 ரூபாய். பக்கத்தின் அடியில் 64,400 என்று இருந்தால், அந்த மென்பொருள் ஐந்தாம் உருப்படியை இரண்டாம் பக்கக் கணக்கில் வைத்திருக்கிறது என்பது தெளிவு. அதற்கேற்பவே நாமும் கூட்ட வேண்டும். இல்லாவிடில், சரியான கணக்கும் பிழையாகத் தோன்றும்.

கூட்டிச் சரிபார்த்தல்

உருப்படிகள் ஒழுங்கானபின் நான்கு சோதனைகளை வரிசையாகச் செய்க. கணக்குத்தாளில் எடை `D` பத்தியிலும், விலை `E` பத்தியிலும், தொகை `F` பத்தியிலும் இரண்டாம் வரிசையிலிருந்து உள்ளன என்று கொள்வோம்.

முதலாவது, வரிசை எண் 1 முதல் 11 வரை விடுபடாமலும் இரட்டிக்காமலும் இருக்கிறதா என்று பார்க்க. பிரித்த பக்கங்களை ஒன்று சேர்க்கையில் ஒரே பக்கத்தை இருமுறை ஒட்டிவிடுவதும், ஒன்றை விட்டுவிடுவதும் இதனால் வெளிப்படும்.

இரண்டாவது, எண்கள் எண்களாகவே இருக்கின்றனவா என்று பார்க்க. கோப்பிலிருந்து எடுத்த ‘13,800.00’ என்பதைக் கணக்குத்தாள் சில வேளைகளில் வெறும் எழுத்தாகக் கொண்டுவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் `SUM` அத்தகைய கட்டத்தை எச்சரிக்கையின்றி விட்டுவிட்டுக் கூட்டும். `=COUNT(F2:F12)` என்று கேட்டால் 11 என்று விடை வர வேண்டும். 10 என்று வந்தால் ஒரு தொகை எழுத்தாக நிற்கிறது.

மூன்றாவது, ஒவ்வொரு உருப்படிக்கும் `=D2*E2-F2` என்ற சூத்திரத்தை இடுக. விடை பூச்சியமாக இருக்க வேண்டும். ஒரு பைசா அளவு வேறுபாடு விலையை முழுமைப்படுத்தியதால் வந்ததாக இருக்கலாம். பெரிய வேறுபாடு வந்தால், ஒரு பத்தியின் எண் அடுத்த பத்திக்கு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க. தள்ளுபடிக்குத் தனிப் பத்தி உள்ள பட்டியலில் சூத்திரத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, பக்கவாரியாகக் கூட்டுக. முதற்பக்கம் 78,200 ரூபாய். இரண்டாம் பக்கத்தின் நான்கு உருப்படிகள் 47,350 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,25,550 ரூபாய், அந்தப் பக்கத்தின் கடத்தல் தொகை. மூன்றாம் பக்கத்தின் இரண்டு உருப்படிகள் 13,450 ரூபாய். ஆக மொத்தம் 1,39,000 ரூபாய். இதன்மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. 6,950 ரூபாய் சேர, செலுத்த வேண்டியது 1,45,950 ரூபாய். கடைசி மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால், பிழை உண்டு என்பது தெரியும். எங்கே என்பது தெரியாது. பக்கவாரியாக ஒப்பிட்டால், தேட வேண்டிய இடம் நான்கைந்து உருப்படிகளுக்குள் சுருங்கிவிடும்.

கடத்தல் தொகைகளை விலக்காமல் பத்தி முழுவதையும் கூட்டினால் 5,46,500 ரூபாய் வரும். இத்தகைய பெரும்பிழையைக் காரியதரிசி கையெழுத்திடும் முன்பே எவரும் கண்டுகொள்வர். ஆகவே அதைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை.

கூட்டுத்தொகை காட்டாத பிழை

நிற்க. மேற்கண்ட நான்கு சோதனைகளிலும் தேறிய ஒரு பட்டியலில், ‘dyed maroon, lot 417’ என்ற வரி மட்டும் விடுபட்டிருந்தால் என்ன நேரும்? வரிசை எண் சரி, பெருக்கல் சரி, கடத்தல் சரி, மொத்தம் சரி. விற்றவருக்குச் சேர வேண்டிய பணமும் சரியாகவே போய்ச் சேரும். ஆனால் இருப்பேட்டில் 20 கிலோ சாய நூல், சாயமில்லாத 2/80 நூலின் கணக்கில் ஏறிவிடும்.

சாயமில்லாத 2/80 நூல் கிலோ 600 ரூபாய் வீதம் 40 கிலோ முன்னரே இருப்பில் இருந்தது என்போம். அதன் மதிப்பு 24,000 ரூபாய். அதனோடு இந்த 20 கிலோவும் 13,800 ரூபாயும் சேர்ந்தால், 60 கிலோ 37,800 ரூபாய் ஆகிறது. சராசரி விலை கிலோ 630 ரூபாயாக உயர்கிறது. அந்த நூலை வழங்கி நெய்த துணியின் அடக்கவிலை, காரணமின்றிக் கிலோவுக்கு 30 ரூபாய் கூடுகிறது.

இதைவிடப் பெரிது, கிடங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு நேரும் துன்பம். ஆண்டு இறுதியில் இருப்பைச் சரிபார்க்கும்போது, ஏட்டின்படி சாயமில்லாத நூல் 20 கிலோ குறைவு. குறைவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அரக்கு நூல் ஏட்டில் இல்லாத மிகுதியாகக் கிடக்கும். அல்லது அதற்குள் நெசவாளர்களுக்கு வழங்கப்பட்டு, வழங்கிய கணக்கு இருப்புக்குக் கீழே போயிருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்க்க எவருக்கும் தோன்றாவிடில், ஒரு நூலும் களவுபோகாத கிடங்கில் களவு நடந்ததாகப் பெயர் ஏற்படும். தொடர்ச்சி வரி ஆறாம் உருப்படியோடு சேர்ந்துவிட்டாலோ, 50 கிலோ 20-ஆம் நம்பர் நூல் அரக்குச் சாய நூலாகப் பதிவாகிக் குழப்பம் இன்னும் பெருகும்.

எண்களைச் சோதிக்க எண்கள் போதும். பெயர்களைச் சோதிக்கப் போதா. பெயர்களுக்கு மூன்று காரியங்களைச் செய்தல் வேண்டும். மூலக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு பக்கத்தின் கடைசி உருப்படியையும், அடுத்த பக்கத் தலைப்புக்குக் கீழே உள்ள முதல் வரியையும் கண்ணால் படிக்க வேண்டும். மூன்று பக்கப் பட்டியலில் இவ்வாறு பார்க்க வேண்டிய இணைப்புகள் இரண்டே. அடுத்து, அதே பெயருள்ள சரக்கின் முந்திய விலையோடு இப்போதைய விலையை ஒப்பிட வேண்டும். 600 ரூபாய்க்கு வந்த 2/80 நூல் 690 ரூபாய்க்கு வந்திருந்தால், விலை ஏறியிருக்கலாம். பெயரில் ஒரு சொல் விடுபட்டும் இருக்கலாம். இறுதியாக, சரக்கோடு வந்த சலானில் உள்ள லாட் எண்கள் எல்லாம் ஏட்டில் ஏறிய பெயர்களில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். சலானில் 417 இருந்து, ஏட்டில் அது காணப்படாவிடில், விடுபட்ட வரி அகப்பட்டுவிடும்.

இம்முறையின் எல்லை

சுட்டியால் இழுத்து எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க முடிகிற கோப்புகளுக்கே மேற்கூறிய முறை பயன்படும். தாளைப் படம் பிடித்து பி.டி.எஃப். ஆக்கிய பட்டியலில் எழுத்துகள் இல்லை, படம் மட்டுமே உண்டு. மேற்படி கட்டளை வெற்றுக் கோப்பையே தரும். அத்தகைய பட்டியல்களுக்கு, கணினியில் உருவான மூலக் கோப்பையே அனுப்பும்படி விற்பவரைக் கேட்பது நலம். கிடைக்காவிடில் கையால் ஏற்றி, அதே சோதனைகளைச் செய்யலாம்.

ஏற்றி முடித்தபின், பட்டியலின் பிரதியில் பக்கங்களின் எண்ணிக்கை, உருப்படிகளின் எண்ணிக்கை, மொத்த எடை ஆகிய மூன்றையும் எழுதி, பார்த்தவர் கையொப்பம் இடுவது நல்ல வழக்கம். நம் பட்டியலுக்கு அது ‘பக்கம் 3, உருப்படி 11, எடை 325 கிலோ, இணைப்பு 2 பார்க்கப்பட்டது’ என்று அமையும். பிற்காலத்தில் இருப்பில் வேறுபாடு தோன்றினால், தணிக்கைக்கு வருபவர் பட்டியலை ஏற்றிய முறையில் ஐயம் கொள்ளாமல், கிடங்கிலும் வழங்கல் கணக்கிலும் தேடலாம்.